தேறிய செட்டர்கள் கைவிட்டுப் போகாமல் இருக்க: சிறு தொழிற்சாலை நடத்துபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சம்பளப் படிகளைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு தொழிற்சாலையை மனதில் வைத்துக்கொள்வோம். 32 பேர், 12 சிஎன்சி மெஷின்கள், இரண்டு ஷிப்ட், ஒவ்வொரு புது ஜாப்புக்கும் மெஷினைத் தயார் செய்து கொடுக்கிற நான்கு செட்டர்கள். சம்பளத்தை எந்த நாட்டுப் பணத்திலும் சொல்லப்போவதில்லை. ஹெல்பரின் மாதச் சம்பளம் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஆபரேட்டருக்கு 130, செட்டருக்கு 160. நன்றாகச் செய்கிற செட்டருக்கு வெளியே 200 தருகிறார்கள்.

நல்லவர்கள்தான் போகிறார்கள். சுமாரானவர்கள் அப்படியே இருக்கிறார்கள். இது என்ன கணக்கு?

உங்கள் சம்பளம் ஒரே தட்டாக இருக்கிறது, வெளிச் சந்தை அப்படி இல்லை. நான்கு செட்டருக்கும் 160 கொடுக்கிறீர்கள். அதில் சுமாரானவருக்கு வெளியே போனாலும் 160தான் கிடைக்கும், அவர் ஏன் கிளம்ப வேண்டும்? நன்றாகச் செய்பவருக்கு 200 கிடைக்கும், அவர் கிளம்புகிறார். ஆள் பார்க்காமல் ஒரே சம்பளம் கொடுக்கிற இடத்தில் இந்தச் சல்லடை தானாகவே வேலை செய்யும்.

எப்போது போகிறார்கள் என்பதையும் பாருங்கள். கடைசியாகப் போன ஐந்தாறு பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் நான்கு தேதிகளை எழுதுங்கள்: வேலையில் சேர்ந்தது, யார் துணையும் இல்லாமல் முதல் ஜாப்பை செட் செய்தது, கடைசியாகச் சம்பளம் ஏறியது, வேலையை விட்டது. இரண்டாவது தேதிக்குப் பிறகு சம்பளம் ஏறாமலே பல மாதம் போயிருக்கும். வேலை கைவந்தது ஒரு நாள், அதற்கான பணம் வருவது வருடக் கடைசியில், அதுவும் எல்லோருக்கும் ஏறுகிற அதே சதவீதத்தில். அந்த இடைவெளியில்தான் வெளியிலிருந்து போன் வருகிறது.

இரண்டாவது தேதி உங்களிடம் எழுதி வைக்கப்படவில்லை என்றால் அதுவே ஒரு செய்தி. ஒருவர் எப்போது தேறினார் என்பதை நிறுவனம் கவனிக்கவில்லை. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் கவனித்திருக்கிறார்.

அப்படியானால் வெளியே கிடைக்கிற 200-ஐ நாமே கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சில இடங்களில் தீரும். 1913-ல் ஃபோர்டு கம்பெனி சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரு வருடத்தில் 50,000-க்கு மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். அது முன்பிருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆட்கள் போவது சட்டென்று குறைந்தது. ஆனால் அங்கே லைனில் நின்று செய்கிற வேலையை மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடலாம், அதற்குமேல் ஏறுவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. செட்டர் வேலை அப்படிப்பட்டதல்ல. அதோடு அவ்வளவு பணம் சிறு தொழிற்சாலையில் இருக்கவும் இருக்காது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால், மெட்டீரியல் செலவு போக 2 பங்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட்டர் வாரத்துக்கு ஐந்து ஜாப் மாற்றுகிறார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். அவர் போய்விட்டால் புது ஆள் கிடைக்க ஆறு வாரம். அதில் வருகிற 30 ஜாப்பையும் மற்ற மூவர்தான் பார்க்க வேண்டும். அவர்கள் கை ஒழிவதற்காக ஒவ்வொரு ஜாப்புக்கும் மெஷின் சராசரியாக மூன்று மணி நேரம் சும்மா நின்றால் 90 மணி நேரம் போச்சு, அதாவது 180 பங்கு. வந்த புது ஆளுக்கும் உங்கள் ஃபிக்சரும் டிராயிங்கும் பழக நான்கு மாதம் ஆகும். அந்த 16 வாரமும் ஜாப்புக்கு சராசரியாக ஒரு மணி நேரம் கூடுதல் என்றால் 80 மணி நேரம், 160 பங்கு. கழிவான பீஸ்களுக்கு ஒரு 60 சேருங்கள். மொத்தம் 400. அதாவது ஒரு செட்டர் போனால் அவருடைய இரண்டரை மாதச் சம்பளம் நஷ்டம்.

வருடத்துக்கு இரண்டு பேர் போனால் 800. நான்கு பேருக்கும் 160-லிருந்து 200 ஆக்கினால் வருடத்துக்கு 1,920. கட்டாது. உங்கள் தொழிற்சாலையில் எண்கள் மாறும். டெலிவரி தவறி ஒரு வாடிக்கையாளரை இழந்தால் 400 என்பது மிகக் குறைவான கணக்காகிவிடும். இருந்தாலும் சம்பளத்தில் கை வைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இது இல்லாமல் பேசினால் முதலாளி ஒரு பக்கம் பயத்தில் அள்ளிக் கொடுப்பார், இல்லையென்றால் கோபத்தில் ஒன்றுமே கொடுக்க மாட்டார்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியே கிடைப்பதற்குச் சமமாகக் கொடுத்தால்தான் ஆள் நிற்பார் என்பதில்லை. இடம் மாறுவதில் தொழிலாளிக்கும் தொல்லை உண்டு. புது ஷிப்ட், புது மேலதிகாரி, அங்கே எத்தனை நாள் வேலை இருக்குமோ என்ற சந்தேகம். 40 பங்கு வித்தியாசம் இந்தத் தொல்லையை மறக்கச் செய்யும். 10 அல்லது 15 என்றால் பெரும்பாலானவர்கள் யோசிப்பார்கள்.

32 பேரில் எத்தனை படி வைப்பது? எல்லோரையும் சூப்பர்வைசர் ஆக்க முடியாதே?

ஆக்கவும் வேண்டாம். நல்ல செட்டரை சூப்பர்வைசர் ஆக்கினால் பல நேரம் ஒரு நல்ல செட்டர் போய் ஒரு சுமாரான சூப்பர்வைசர் கிடைப்பார். பதவி என்பது காலி இடம் வந்தால்தான் கிடைக்கும். படி அப்படி இல்லை, தேறினால் கிடைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் சிறிய இடத்திலும் ஆறு படி வைக்கலாம்.

முதல் படி ஹெல்பர், 100. இரண்டாவது, பீஸை ஏற்றி இறக்கி மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர், 120. மூன்றாவது, மைக்ரோமீட்டரில் தானே அளந்து, அளவு நகர்வதைப் பார்த்து ஆஃப்செட் திருத்துகிறவர், தேய்ந்த இன்சர்ட்டைத் தானே மாற்றுகிறவர், 140. நான்காவது, செட்டர். புது ஜாப்பை ஏற்றி, முதல் பீஸை அளவுக்குள் கொண்டுவந்து ஆபரேட்டரிடம் ஒப்படைக்கிறவர், 160. ஐந்தாவது, டர்னிங், மில்லிங் இரண்டு வகை மெஷினிலும் செட் செய்யத் தெரிந்து, கீழே ஒருவரை செட்டராகத் தேற்றிக் காட்டியவர், 175. ஆறாவது, டிராயிங்கை மட்டும் கையில் கொடுத்தால் ப்ரோக்ராம், டூல், ஃபிக்சர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி செட்டப் ஷீட் எழுதி வைக்கிறவர், 190.

முன்பு ஆபரேட்டர் எல்லோருக்கும் 130. இப்போது அது 120, 140 என்று பிரிகிறது. 130 வாங்கிக்கொண்டிருந்தவர் யாருக்கும் குறைக்கக் கூடாது. மூன்றாம் படிக்குத் தேறும்வரை 130 அப்படியே நிற்கட்டும்.

செலவைப் பாருங்கள். நான்கு செட்டரில் ஒருவர் ஆறாம் படி, இருவர் ஐந்தாம் படி, ஒருவர் பழைய இடத்திலேயே. மாதம் 30, 15, 15, ஆக 60 பங்கு, வருடத்துக்கு 720. போகிறவர்கள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தால் 400 மிச்சம். மீதி 320 எங்கிருந்து வரும்? நான்கு பேரும் வருடத்துக்குச் சுமார் 1,000 ஜாப் மாற்றுகிறார்கள். ஆறாம் படிக்காரர் எழுதிய செட்டப் ஷீட்டால் ஜாப்புக்குப் பத்து நிமிடம் குறைந்தாலே கிட்டத்தட்ட 167 மெஷின் மணி, 330 பங்குக்கு மேல். படிக்குக் கொடுக்கும் பணம் அந்தத் திறமையிலிருந்தே திரும்பி வருகிறது. அப்படித் திரும்பி வராத எதற்கும் ஒரு படி உண்டாக்காதீர்கள். "சீனியர் ஆபரேட்டர் கிரேடு 2" என்று சட்டையில் பேட்ஜ் குத்தி, வேலையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

பரீட்சை வைத்தால், 'அவருக்கு வேண்டியவர் என்று பாஸ் போட்டார்' என்பார்களே?

சொல்வார்கள். அதனால் யாருடைய அபிப்பிராயமும் தேவைப்படாத மாதிரி பரீட்சையை வையுங்கள். ஒழுக்கம், ஈடுபாடு, முதலாளி மீது விசுவாசம் இவற்றுக்கெல்லாம் மார்க் போட ஆரம்பித்த உடனே படி செத்துவிடும்.

நான்காம் படிக்கான பரீட்சை இப்படி இருக்கலாம். ஒரு ஷாஃப்ட், அதில் பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர், h6. அதாவது அளவு 25.000-க்கு மேல் போகக் கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கக் கூடாது. டிராயிங்கும் வெறும் மெஷினும் மட்டும் தருகிறோம். பீஸைப் பிடிக்கிற ஜாவைக் கடைவதிலிருந்து அவரே ஆரம்பிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் முதல் நல்ல பீஸ். அதற்குப் பிறகு வரிசையாக ஐந்து பீஸ் அளவுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது பீஸ் முடிந்ததும் ஃபினிஷிங் இன்சர்ட்டைக் கழற்றி வேறு போடச் சொல்வோம். பெரும்பாலும் இங்கேதான் தடுக்கும். புது இன்சர்ட்டின் முனை பழையது இருந்த அதே புள்ளியில் உட்காராது. தேறியவர் ஆஃப்செட்டில் சிறிது மெட்டீரியல் விட்டு ஓட்டி, அளந்து, பிறகு திருத்துவார். தேறாதவர் நேராக ஓட்டி நான்காவது பீஸைக் கெடுப்பார்.

அளப்பது இன்ஸ்பெக்‌ஷன் ஆள், செட்டர்கள் அல்ல. பக்கத்தில் அடுத்த ஷிப்ட் செட்டர் ஒருவர் நிற்கலாம், பேசக் கூடாது. ஐந்து அளவுகளும் தாளில் எழுதப்பட்டு, அந்தத் தாள் நோட்டீஸ் போர்டில் தொங்கட்டும். தேறாவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடியும் எழுதலாம், இடையில் பழகுவதற்கு வாரத்தில் சில மணி நேரம் மெஷின் தர வேண்டும். மெஷினே தராமல் பரீட்சை மட்டும் வைத்தால் அது ஏமாற்று.

தேறினால் அந்த மாதச் சம்பளத்திலேயே ஏற வேண்டும். "ஏப்ரலில் பார்க்கலாம்" என்று ஒரு தடவை சொன்னாலும் போதும், முதல் கேள்வியில் சொன்ன இடைவெளி திரும்ப வந்துவிடும்.

பீஸ் கணக்கில் இன்சென்டிவ் கொடுக்கிறோம். செட்டருக்கும் அதையே கொடுக்கலாமா?

வேண்டாம். செட்டரின் வேலை பீஸ் எண்ணிக்கையில் தெரியாது. பீஸ் கணக்கு வைத்தால் நீண்ட ஓட்டம் உள்ள சுலபமான ஜாப்புக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள், 20 பீஸ் மட்டும் வேண்டிய சிக்கலான ஜாப் மூலையில் கிடக்கும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க நிற்கும் பத்து நிமிடமும் அவருக்கு நஷ்டமாகிவிடும். சொல்லிக்கொடுக்கிற பழக்கம் போனால் உங்கள் படிகளும் போச்சு.

ஆபரேட்டர்களுக்கே பீஸ் ரேட்டில் ஒரு பழைய வியாதி உண்டு. டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் 1944-45-ல் அமெரிக்காவில் ஒரு மெஷின் ஷாப்பில் டிரில் ஆபரேட்டராகவே வேலை பார்த்து இதை எழுதினார். நல்ல ரேட் உள்ள ஜாப்பில் ஓரளவுக்கு மேல் யாரும் காட்ட மாட்டார்கள், காட்டினால் ஆபீஸ் ரேட்டைக் குறைத்துவிடும் என்ற பயம். மோசமான ரேட் உள்ள ஜாப்பிலோ முயற்சியே செய்யாமல் அடிப்படைக் கூலியோடு இருந்துவிடுவார்கள். இன்றைக்கும் ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே சரியாக அதே எண்ணிக்கையில் பீஸ் நின்றுபோனால், இதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஷிப்ட் முழுவதற்கும் சேர்த்து, இன்ஸ்பெக்‌ஷன் தாண்டிய நல்ல பீஸ்களுக்கு மட்டும் கொடுங்கள். செட்டருக்கும் அதில் பங்கு உண்டு. மெஷினோ முறையோ மாறாமல் ரேட்டைத் தொட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மொத்தச் சம்பளத்தில் இது பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஆர்டர் குறைந்த மாதத்தில் இன்சென்டிவ் விழும், அந்த மாதம் பார்த்துத்தான் ஆட்கள் வேறு வேலை தேடுவார்கள்.

மூன்று வருடம் போக மாட்டேன் என்று பத்திரம் எழுதி வாங்கலாமா? சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

சான்றிதழைத் தொடாதீர்கள். அது அடுத்தவர் சொத்து. பத்திரம் சட்டத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும், வக்கீலைக் கேளுங்கள். சட்டம் அனுமதித்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று வருடம் முடிகிற தேதியை நீங்களே காலண்டரில் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதுவரை மனசில்லாமல் இருப்பவர் உங்கள் மெஷினில் என்ன கவனத்தோடு வேலை செய்வார்?

காத்திருந்தால் கிடைக்கும் பணம் என்பது வேறு. ஆனால் அதிலும் இதே தவறு நடக்கிறது. வருடக் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பீர்கள், வாங்கிய அடுத்த மாதம் ராஜினாமா வரும். சட்டப்படி கொடுக்க வேண்டியதைத் தொடாமல், நீங்களாகக் கொடுக்கிற தொகையை மட்டும் இப்படி மாற்றலாம். ஒரு செட்டருக்கு வருடத்துக்கு 96 பங்கு கொடுப்பதாக இருந்தால் மாதம் 8 அவர் கணக்கில் சேரட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதுவரை சேர்ந்ததில் பாதியைக் கொடுங்கள், மீதி அப்படியே தொடரட்டும். முதல் தடவை 48-ல் 24 கையில், 24 கணக்கில். அடுத்த தடவை 72-ல் 36 கையில், 36 கணக்கில். அதற்கடுத்து 84-ல் 42. எந்த நாளில் போனாலும் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ஆனால் 'இன்றோடு எல்லாம் முடிந்தது' என்ற நாள் வராது. ஆரம்பத்தில் வருடத்துக்குக் கைக்கு வருவது குறையும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக ஆளைக் குறைத்தாலோ, உடம்பு முடியாமல் ஒருவர் நின்றாலோ, கணக்கில் இருப்பது முழுவதும் அவருக்கே. இந்த ஒரு வரி இல்லையென்றால் அந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

15 வருடமாக இருப்பவர் ஒருவர் மூன்றாம் படியோடு நின்றுவிட்டார். நேற்று வந்த பையன் அவரைத் தாண்டினால் என்ன ஆகும்?

தாண்டத்தான் செய்வார், மனக்கசப்பும் வரத்தான் செய்யும். மரியாதைக்காகப் பெரியவரைப் பரீட்சை இல்லாமல் செட்டர் ஆக்கிவிடாதீர்கள், அன்றைக்கே நோட்டீஸ் போர்டில் தொங்குகிற தாளுக்கு மதிப்பு போய்விடும். அவருடைய வருடங்களுக்குத் தனியாக ஒரு சர்வீஸ் தொகை கொடுங்கள், அது படியோடு கலக்கக் கூடாது. அப்புறம் அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். எந்த மெஷின் குளிர்ந்த காலையில் முதல் பீஸை எவ்வளவு பெரிதாகக் காட்டும், எந்த வாடிக்கையாளர் எதற்குத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். புதிதாகச் சேருகிற ஹெல்பர்களை இரண்டாம் படிக்குத் தேற்றுவதை அவர் பொறுப்பில் விட்டு, ஒவ்வொருவர் தேறும்போதும் அவருக்கு ஒரு தொகை கொடுக்கலாம்.

ராஜினாமா கொடுத்த பிறகு சம்பளத்தைக் கூட்டி நிறுத்தலாமா?

பொதுவாக வேண்டாம். மற்ற மூன்று பேருக்கும் அன்று மாலையே விஷயம் தெரிந்துவிடும், சம்பளம் ஏற வழி ராஜினாமாதான் என்று புரிந்துகொள்வார்கள். ஒரே விதிவிலக்கு, அவர் ஏற்கெனவே அடுத்த படிக்குத் தகுதியானவர், நீங்கள்தான் பரீட்சை வைக்காமல் இழுத்தடித்தீர்கள் என்றால். அப்போது பரீட்சையை வையுங்கள், தேறினால் படியைக் கொடுங்கள். அதற்குமேல் ஒரு பங்கும் வேண்டாம்.

ஆறாம் படிக்கு வந்தவர் அதற்குமேல் எங்கே போவார்?

வெளியேதான். இதை ஒளிக்க வேண்டியதில்லை. 32 பேர் உள்ள இடத்தில் அதற்குமேல் படி கட்ட முடியாது, கட்டினாலும் பெயருக்குத்தான் இருக்கும். சிலர் சொந்தமாக ஒரு மெஷின் போடுவார்கள். அப்படிப் போகிறவருக்கு உங்கள் உதிரி ஜாப்களைக் கொடுத்துச் செய்து வாங்க முடியுமா என்று பாருங்கள், உங்கள் டிராயிங்கைப் படிக்கத் தெரிந்த வெளியாள் லேசில் கிடைக்க மாட்டார். அவர் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆறாம் படி சம்பளத்தைச் செட்டப் ஷீட்டோடு கட்டிவிடுங்கள். ஷீட் இல்லாத புது ஜாப் முடிந்ததாகவே கணக்கில் வரக் கூடாது.

இது பலிக்கிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் போனார்கள் என்பதைப் பார்க்காதீர்கள். 32 பேரில் வருடத்துக்கு ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அது தற்செயலாகவே இருக்கலாம். எந்தப் படியில் இருந்தவர், படி ஏறி எத்தனை மாதத்தில் போனார் என்று பாருங்கள். ஏறிய சில மாதத்துக்குள்ளேயே போகிறார்கள் என்றால் அந்தப் படியின் பணம் வெளிச் சந்தைக்கு ரொம்பக் கீழே இருக்கிறது. ஏறி இரண்டு வருடத்துக்கு மேலாகி, அடுத்த பரீட்சையும் எழுதாமல் போகிறார்கள் என்றால் பழகுவதற்கு மெஷின் கிடைக்கவில்லை, இல்லையென்றால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பரீட்சைக்கு யாருமே பெயர் கொடுக்கவில்லை என்றால் தாளை நம்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வேலைக்கு ஆள் கேட்டுப் பிறர் கொடுக்கிற விளம்பரங்களைப் பார்த்து 200 என்ற எண்ணையும் திருத்திக்கொள்ளுங்கள். அது 220 ஆனபின் உங்கள் 190 பழைய 190 அல்ல.